கோயில் படம் இருபது பக்கம், நடை சாத்தும் நேரம் ஒரு வரிகூட இல்லை

நண்பர்களே, கொஞ்சம் நீளமான பதிவு. இந்த மாதம் ஆன்மிகச் சுற்றுலாவுக்கு முன்பணம் கட்டப் போகிறவர்கள் மட்டுமாவது முழுசாகப் படியுங்கள். நான் சொல்வது விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம், சிமெண்ட் ஆலை ஊர். தென்காசிப் பக்கத்து ஆலங்குளத்துக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் உங்கள் வாட்ஸ்அப்பிலும் இதே மாதிரி ஒரு பிடிஎஃப் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

நம்ம ஊர்ப் பக்கம் இப்போது சுற்றிவருவது "நவகிரக தரிசனம் – 2 பகல், 3 இரவு – நபருக்கு ரூ.3,250 மட்டுமே" என்கிற பிடிஎஃப். மொத்தம் இருபத்து நான்கு பக்கம். நடத்துகிறவர் பெயரை எழுதப் போவதில்லை. ஒருவரைத் திட்டுவதற்காக இதை நான் எழுதவில்லை. இதே அச்சில் வார்த்த ஏழெட்டுத் தாள்களை இரண்டு வருசமாகப் பார்த்துவிட்டேன். ஆறுபடை வீடு, நவதிருப்பதி, காசி, எல்லாம் ஒரே மாதிரிதான். முப்பத்திரண்டு வருசம் புவியியலும் வரலாறும் நடத்தியவன் நான். ஒரு பயணத் திட்டத்தைக் கையில் கொடுத்தால், பக்கத்தில் வரைபடத்தை வைத்துத்தான் படிப்பேன். அப்படிப் படித்ததைச் சொல்கிறேன்.

இருபத்து நான்கு பக்கத்தில் இருபது பக்கம் சாமி படமும், எந்தக் கிரகத்தைக் கும்பிட்டால் என்ன பலன் என்பதும். நாள்வாரித் திட்டம் இரண்டு பக்கம். செலவு ஒரு பக்கம். கொண்டு வரவேண்டிய பொருள் ஒரு பக்கம். காசு வாங்குவது அந்த இருபது பக்கத்தைக் காட்டி. நம்மை அலைய வைப்பது இந்த நான்கு பக்கம். அதனால் நான்கையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நாள்வாரித் திட்டம்

சனிக்கிழமை: சூரியனார் கோயில், திங்களூர், வைத்தீஸ்வரன் கோயில், திருவெண்காடு, ஆலங்குடி. ஞாயிற்றுக்கிழமை: கஞ்சனூர், திருநள்ளாறு, திருநாகேஸ்வரம், கீழப்பெரும்பள்ளம். இந்த வரிசையை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி, ராகு, கேது. திட்டம் போட்டவர் நாட்காட்டியைப் பார்த்துப் போட்டிருக்கிறார். சாலையைப் பார்க்கவே இல்லை. திட்டத்தில் தூரம் என்று ஒரு கட்டமே கிடையாது.

கும்பகோணத்தை நடுவில் வைத்துப் பாருங்கள். திங்களூர் மேற்கே, திருவையாற்றுப் பக்கம். ஆலங்குடி தெற்கே. திருநாகேஸ்வரம், சூரியனார் கோயில், கஞ்சனூர் மூன்றும் கிழக்கே, ஒரே பக்கம். வைத்தீஸ்வரன் கோயில் வடகிழக்கே சீர்காழிக்கு அருகில். அங்கிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கினால் திருவெண்காடு, அதைத் தாண்டிப் பூம்புகாருக்கு அருகில் கீழப்பெரும்பள்ளம். திருநள்ளாறு அதற்கும் தெற்கே, காரைக்கால் பக்கம்.

இப்போது பிடிஎஃப் சொல்கிறபடி வேனை ஓட்டிப் பாருங்கள். சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கிழக்கே சூரியனார் கோயில். அங்கிருந்து கும்பகோணத்தைத் தாண்டி மேற்கே திங்களூர், ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். காவிரிக் கரையோரத்துக் குறுகிய சாலையில் ஒன்றரை மணி நேரம். தரிசனம் முடிந்து பத்தரைக்குக் கிளம்பினால், வந்த வழியே திரும்பி, அதையும் தாண்டி வைத்தீஸ்வரன் கோயில். எண்பது கிலோமீட்டருக்கு மேல். எவ்வளவு விரட்டினாலும் பகல் ஒரு மணி ஆகிவிடும்.

அந்த நேரத்தில் கோயில் நடை சாத்தியிருக்கும். சோழநாட்டுக் கோயில்களில் பெரும்பாலானவை பன்னிரண்டு மணியிலிருந்து ஒரு மணிக்குள் சாத்தி, மாலை நான்கு மணி வாக்கில்தான் திறப்பார்கள். நம்ம ஊர்ப் பெருமாள் கோயிலிலும் அதுதானே வழக்கம்? இது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. ஆனால் இருபத்து நான்கு பக்கத்தில் "நடை" என்ற சொல்லே இல்லை. இருபத்திரண்டு பேர், அதில் பாதிக்கு மேல் பெண்கள், அறுபது தாண்டியவர்கள், ஒரு மணியிலிருந்து நான்கு மணிவரை எங்கே உட்காருவார்கள்? கழிப்பறைக்கு எங்கே போவார்கள்? திட்டத்தில் அந்த இடத்தில் "திருவெண்காடு தரிசனம், 12.30" என்று போட்டிருக்கிறது.

நான்கு மணிக்குத் திறந்து, வைத்தீஸ்வரன் கோயிலைப் பார்த்துவிட்டுத் திருவெண்காடு போய் முடிக்கும்போது ஆறு மணி. அடுத்தது ஆலங்குடி, எழுபது கிலோமீட்டருக்கு மேல். போய்ச் சேரும்போது இரவு எட்டு. திறந்திருந்தால் புண்ணியம். சாத்தியிருந்தால் கோபுர தரிசனம்.

ஞாயிற்றுக்கிழமை இதைவிட மோசம். காலையில் முதலில் கஞ்சனூர். கஞ்சனூரும் சூரியனார் கோயிலும் பக்கத்துப் பக்கத்து ஊர். நேற்றுக் காலை அந்த ஊரை ஒட்டிப் போய்விட்டு வந்த அதே வேன், இன்று மறுபடி அங்கேயே போகிறது. பிறகு திருநள்ளாறு. பிறகு திரும்பக் கும்பகோணத்துக்கு வந்து திருநாகேஸ்வரம். பகல் ஒரு மணிக்கு மேல் ஆகிவிடும், அங்கேயும் நடை சாத்தியிருக்கும்.

திருநாகேஸ்வரத்துக்கு எதற்காகப் போகிறோம்? ராகு காலத்தில் நடக்கும் பாலாபிஷேகத்துக்கு. பிள்ளைக்குக் கல்யாணம் தள்ளிப்போகிறது என்று இந்தச் சுற்றுலாவுக்குப் பேர் கொடுத்தவர்கள் நம்ம தெருவிலேயே மூன்று வீட்டில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் மாலை 4.30 முதல் 6 வரை. இது பஞ்சாங்கம் பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். பிடிஎஃப்பில் "திருநாகேஸ்வரம் 2.00, பாலாபிஷேகம் உண்டு, கீழப்பெரும்பள்ளம் 4.30" என்று இருக்கிறது. அபிஷேகம் தொடங்கும் நேரத்தில் வேன் ஐம்பது கிலோமீட்டர் தள்ளிக் கேது கோயில் வாசலில் நிற்க வேண்டும் என்கிறது திட்டம். அபிஷேகத்துக்குக் காத்திருந்தால் கேது கோயில் போகும்போது இரவு எட்டு. இரண்டில் ஒன்று கிடைக்காது. எது கிடைக்காது என்று முன்பணம் வாங்குமுன்பே சொல்ல வேண்டுமா இல்லையா?

"கிரக வரிசைப்படி போவதுதான் முறை, சார்" என்று ஒருவர் சொன்னார். அப்படிக் கட்டாயம் இருந்தால் கும்பகோணத்திலிருந்து போகும் எல்லாருமே அப்படித்தான் போக வேண்டும். யாரும் போவதில்லை. முறை என்று பெரியவர்கள் சொல்லிவைத்தது ஒன்று உண்டு. சூரியனார் கோயிலுக்குப் போகுமுன் பக்கத்திலிருக்கும் திருமங்கலக்குடி பிராணநாதேசுவரரைக் கும்பிட்டுவிட்டுப் போக வேண்டும் என்பது. அது இந்தத் தாளில் இல்லவே இல்லை.

இதே ஒன்பது கோயிலுக்கும் ஒழுங்கான திட்டம் போட முடியுமா என்று கேட்டால், போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அரசுப் போக்குவரத்துக் கழகம் 2024 பிப்ரவரியில் கும்பகோணத்திலிருந்து நவகிரகச் சிறப்புப் பேருந்து தொடங்கியது. சனி, ஞாயிறுகளில். தொடங்கியபோது கட்டணம் ஆளுக்கு 750 ரூபாய். காலை ஐந்து மணிக்குக் கிளம்பும். முதலில் மேற்கே திங்களூர். அடுத்து தெற்கே ஆலங்குடி. பிறகு திருநாகேஸ்வரம், சூரியனார் கோயில், கஞ்சனூர் என்று கிழக்கே ஒரே கோடு. நடை சாத்துவதற்குள் வைத்தீஸ்வரன் கோயில். ஆறு கோயில் ஆயிற்று. மதியச் சாப்பாடும் ஓய்வும் நடை சாத்தியிருக்கும் நேரத்தில். நான்கு மணிக்குத் திருவெண்காடு, அடுத்து கீழப்பெரும்பள்ளம், கடைசியில் திருநள்ளாறு. இரவு எட்டு மணி வாக்கில் மறுபடி கும்பகோணம்.

கவனியுங்கள். ஒரு நாள். ஒரு ஊரைக்கூட இரண்டு தடவை தாண்டவில்லை. நடை சாத்தும் மூன்று மணி நேரத்தைச் சாப்பாட்டுக்குக் கொடுத்திருக்கிறார்கள். இதைப் போட்டவர்கள் அந்தச் சாலையில் தினமும் வண்டி ஓட்டுகிறவர்கள். அதனால்தான் அது ஒரே பக்கத்தில் அடங்குகிறது. அந்தப் பேருந்திலும் குறை உண்டு. ஒவ்வொரு கோயிலிலும் கிடைப்பது அரை மணி, முக்கால் மணிதான். பரிகாரம் செய்ய வேண்டியவர்களுக்கு அது போதாது. சனிக்கிழமை திருநள்ளாற்றில் கூட்டம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நிதானமாகப் பார்க்க வேண்டும் என்றால் இதே வரிசையை இரண்டாக வெட்டி இரண்டு நாளாக்கிக்கொள்ளலாம். முதல் நாள் முதல் ஐந்து, இரண்டாம் நாள் மீதி நான்கு. அதைச் செய்யப் பத்து நிமிசம் போதும்.

ஓட்டுநர்

பிடிஎஃப்பில் ஓட்டுநர் என்ற ஆளே இல்லை. வண்டி தானாகவே போய்த் தானாகவே வருகிறது.

வெள்ளி இரவு ஒன்பதரைக்கு ஆலங்குளத்தில் கிளம்பி, சிவகாசி, விருதுநகர், மதுரை, திருச்சி, தஞ்சாவூர் வழியாகச் சுமார் 320 கிலோமீட்டர். சனி காலை ஐந்து, ஐந்தரைக்குக் கும்பகோணம். ஏழரை மணி நேரம் ஸ்டீயரிங். அன்று பகல், மேலே சொன்ன அலைச்சலில் எட்டு மணி நேரம். ஞாயிறு பகல் ஆறு மணி நேரம். ஞாயிறு இரவு மறுபடி ஏழெட்டு மணி நேரம். கூட்டினால் முப்பது மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. இரண்டு இரவு, இரண்டு பகல். நடுவில் ஒரே ஒரு சனிக்கிழமை ராத்திரி மட்டும் படுக்கை. எத்தனை ஓட்டுநர் என்று கேட்டேன். "நம்ம பையன் ஒருத்தன்தான் சார், நல்லா ஓட்டுவான், தூங்கவே மாட்டான்" என்றார் ஏற்பாட்டாளர். தூங்காமல் இருப்பதை ஒரு தகுதியாகச் சொல்கிறார்.

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-இல் வந்தது. நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் என்பது அதில் இருந்த பொது விதி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 91-ஆவது பிரிவும் அதையே கைகாட்டுகிறது. இது ஓட்டுநருக்குச் சலுகை காட்டுவதற்காக எழுதிய விதி என்று நினைக்காதீர்கள். பின்னால் தலை சாய்ந்து தூங்குகிற இருபத்திரண்டு பேருக்காக எழுதியது. அதிகாலை மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் எத்தனை பக்தர் வேன்கள் நின்ற லாரியில் மோதியிருக்கின்றன என்பதைப் பேப்பர் படிக்கிற எல்லாரும் அறிவோம். அந்தச் செய்திகளில் "ஓட்டுநர் கண் அயர்ந்ததால்" என்று எழுதுவார்கள். அவனைக் கண் அயர வைத்த திட்டத்தைப் பற்றி எழுத மாட்டார்கள்.

திங்கள் காலை ஆறு மணிக்கு ஊர் வந்து, ஏழரைக்குப் பட்டாசு ஆலை வண்டி வரும் என்று காத்து நிற்கிறவர்கள் நம்ம பெண்கள். இரண்டு இரவு உட்கார்ந்தே தூங்கிவிட்டு, மருந்து கையாளும் வேலைக்குப் போகிறார்கள். இதையும் யோசித்துத்தான் கிளம்பும் நாளும் திரும்பும் நேரமும் போட வேண்டும்.

இரவு ஓட்டமே இல்லாமல் போக வழி இருக்கிறது. செங்கோட்டை – மயிலாடுதுறை எக்ஸ்பிரஸ் சிவகாசி, விருதுநகர், மதுரை, திருச்சி, தஞ்சாவூர் வழியாகப் பகலிலேயே கும்பகோணம் போகிறது. திரும்புவதற்கும் பகல் ரயில் உண்டு. வெள்ளிக்கிழமை ஒரு நாள் கூலி போகும், உண்மைதான். ஆனால் வேன் வாடகையில் பெரும்பகுதி மிச்சம். கும்பகோணத்தில் இறங்கி அரசுப் பேருந்தோ, அங்கேயே ஒரு வேனோ எடுத்துக்கொள்ளலாம். உள்ளூர் ஓட்டுநருக்குச் சாலையும் தெரியும், முந்தின இரவு அவர் தூங்கியும் இருப்பார். போகிற வாரத்தில் அந்தச் சிறப்புப் பேருந்து ஓடுகிறதா, இடம் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

செலவுப் பக்கம்

"ரூ.3,250. அனைத்தும் உள்ளடங்கியது." அதற்கு மேல் ஒரு நட்சத்திரம். பக்கத்தின் அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில்: "டோல், பார்க்கிங், பெர்மிட், அர்ச்சனை, அபிஷேகம், சிறப்பு தரிசனம் தனி." அனைத்தும் என்றால் பின்னே என்னதான் உள்ளே இருக்கிறது?

பெர்மிட் என்ற சொல்லைப் பெரும்பாலானோர் தாண்டிப் போய்விடுவார்கள். திருநள்ளாறு காரைக்காலைச் சேர்ந்தது. காரைக்கால் புதுச்சேரி. தமிழ்நாட்டுக்குள் ஓட மட்டும் அனுமதி உள்ள வாடகை வண்டி அங்கே நுழையத் தனியாகப் பெர்மிட் போட வேண்டும். அகில இந்திய பெர்மிட் உள்ள வண்டி என்றால் கதை வேறு. எந்த வண்டி என்பது ஏற்பாட்டாளருக்கு இன்றைக்கே தெரியும். பெர்மிட் செலவு உண்டா, உண்டென்றால் எவ்வளவு என்று இன்றைக்கே எழுதலாம். எழுதாமல் விட்டால், எல்லையில் வண்டியை நிறுத்தி "ஆளுக்கு ஐம்பது எடுங்க" என்று கேட்பார்கள். அங்கே நின்று யாரும் வாதாட முடியாது. சனீஸ்வரன் கோயிலுக்குப் போகிற வழியில் சண்டை போட யாருக்குத் தைரியம் வரும்?

இன்னொரு கணக்கு. ஒழுங்கான வரிசையில் போனால் கோயில்களுக்கு இடையே ஓட்டம் 260, 270 கிலோமீட்டர். பிடிஎஃப் வரிசையில் 470. இருநூறு கிலோமீட்டர் வெட்டி அலைச்சல். நம்ம பக்கத்து வேன்காரர் ஒருவரிடம் கேட்டேன், கிலோமீட்டருக்கு 28 ரூபாய் என்றார். 5,600 ரூபாய் ஆகிறது. இருபத்திரண்டு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 250-க்கு மேல். சாமி பார்க்கக் கொடுத்த காசில் 250 ரூபாயைக் கும்பகோணம் சாலையில் புகையாக விடுகிறோம்.

பேர் கொடுத்தவர்கள் இந்தப் பணத்தை எப்படிச் சேர்த்தார்கள் என்று எனக்குத் தெரியும். வாரக் கூலியில் நூறு, இருநூறு என்று சீட்டுக் கட்டிச் சேர்த்தது. அவர்களிடம் வாங்கும் ஆயிரம் ரூபாய் முன்பணத்துக்கு ரசீது இல்லை. "எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது" என்ற வரி மட்டும் பெரிய எழுத்தில் இருக்கிறது. இருபத்திரண்டு பேருக்குப் பதில் பதினான்கு பேர்தான் சேர்ந்தால் என்ன? சுற்றுலா நடக்குமா, ஆள்வீதம் கூடுமா, பணம் திரும்புமா? அதற்கு ஒரு வரி இல்லை.

"அவர் லாபத்துக்குச் செய்யலீங்க அண்ணாச்சி, சேவையாச் செய்றாரு" என்று என்னிடம் சண்டைக்கு வந்தார்கள். இருக்கட்டும். சேவை என்றால் கணக்கு இன்னும் சுலபம். வண்டி இவ்வளவு, ஓட்டுநர் படி இவ்வளவு, அறை இவ்வளவு, சாப்பாடு இவ்வளவு, மீதி இவ்வளவு என்று ஐந்து வரி எழுதித் தொங்கவிடலாமே. நம்ம ஊர்ப் பங்குனிப் பொங்கலுக்கு வரிப்பணம் வாங்கினால், திருவிழா முடிந்ததும் கோயில் சுவரில் வரவு செலவு ஒட்டுகிறோம். சுற்றுலாவுக்கு மட்டும் ஏன் கூடாது?

கொண்டு வரவேண்டியவை

கடைசிப் பக்கம். ஆதார் நகல், இரண்டு செட் உடை, போர்வை, மாத்திரை, டார்ச், தண்ணீர் பாட்டில், சூடம், நல்லெண்ணெய், தீப்பெட்டி. கீழே சிவப்பு எழுத்தில்: "சமையல் மாஸ்டர் உடன் வருவார். சுடச்சுட உணவு." இதைப் படித்துத்தான் பலபேர் பேர் கொடுத்தார்கள். வெளிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இது பெரிய வசதி. எனக்கும் புரிகிறது.

ஆனால் மாஸ்டர் வந்தால் அடுப்பு வரும். அடுப்பு வந்தால் சிலிண்டர் வரும். சிலிண்டர் எங்கே வரும்? கேட்டேன். "பின்னாடி லக்கேஜோடதான் சார், எப்பவும் அப்படித்தானே போவோம்."

2023 ஆகஸ்ட் 26-ஐ மறந்துவிட்டோமா? மதுரை. நம்ம ஊரிலிருந்து இரண்டு மணி நேரத் தூரம். லக்னோவிலிருந்து ஆகஸ்ட் 17-ஆம் தேதி கிளம்பிய ஆன்மிகச் சுற்றுலாக் குழு, தனியாக ஒரு ரயில் பெட்டியை வாடகைக்கு எடுத்து வந்தது. அன்று அதிகாலை நாலு மணிக்குச் சற்று முன் புனலூர் – மதுரை எக்ஸ்பிரஸில் வந்து சேர்ந்தார்கள். பெட்டியைக் கழற்றி நிலையத்துக்கு அருகில் நிறுத்தினார்கள். ஐந்தே காலுக்குத் தீ. ஒன்பது பேர் செத்தார்கள். சட்டவிரோதமாக உள்ளே கொண்டுவந்த சமையல் சிலிண்டர்தான் காரணம் என்று ரயில்வே அன்றே அறிவித்தது. அவர்களும் வீட்டுச் சாப்பாடு மாதிரி வேண்டும் என்று ஆசைப்பட்ட நம்மை மாதிரிப் பெரியவர்கள்தான். அவர்கள் கையிலும் ஒரு நாள்வாரித் திட்டம் இருந்திருக்கும். மறுநாள் சென்னை, அங்கிருந்து ஊர் திரும்புவது என்று.

ரயிலில் எரியும் பொருள் கொண்டுபோவது மூன்று வருசம் வரை சிறை கிடைக்கும் குற்றம். வேனில் யாரும் சோதிப்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். வாயு அதே வாயுதான். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போய்க் கலையாது. வண்டியின் தரையோடு, பைகளுக்கு நடுவே, இருக்கைக்கு அடியில் தேங்கி நிற்கும். அதே பைகளுக்குள் நாம் கொண்டுவந்த சூடமும் எண்ணெயும் தீப்பெட்டியும். ஏசி வேன் என்றால் கண்ணாடி மூடியே இருக்கும். கரடுமுரடான சாலையில் சிலிண்டர் உருண்டு, ரெகுலேட்டர் அசைந்தால் போதும். எல்லாரும் தூங்கும்போது வாசனையை யார் கவனிப்பது?

இதை வேறு எந்த ஊரில் எழுதினாலும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும். நம்ம ஊரிலா? வெம்பக்கோட்டை, சிவகாசி வட்டாரத்தில் பட்டாசு அறைச் சுவரில் என்ன எழுதியிருக்கும் என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். இந்த அறையில் இத்தனை பேர், இவ்வளவு மருந்து. அதை மீறின இடத்தில்தான் விபத்து நடக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் படிக்கிறோம். 2012 செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று, முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்தோம். அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் வாங்கிய பூங்கொத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்ற ஆசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள். மருந்து அறையில் செல்போனைக்கூட வெளியே வைத்துவிட்டு நுழையப் பழகின கை, கோயில் வேனில் சிலிண்டரைத் தூக்கி ஏற்றுகிறது. சாமி காரியம் என்றால் வாயு எரியாதா?

மாற்று வழி ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. காலைக்குக் கட்டுச்சோறு. புளியோதரையும் இட்லிப் பொடியும் நம்ம பெண்களுக்குத் தெரியாததா? மதியம் தங்கும் அறையிலோ மண்டபத்திலோ சமைக்கலாம். மாஸ்டர் அங்கேயே இருந்து, அங்கேயே கிடைக்கும் சிலிண்டரில் சமைக்கட்டும், வண்டியில் பாத்திரம் மட்டும் வரட்டும். "கொண்டு வரவேண்டியவை" பக்கத்தில் பாதியை "கொண்டு வரக்கூடாதவை" என்று மாற்றுங்கள். முதல் வரி சிலிண்டர். இரண்டாவது மண்ணெண்ணெய் அடுப்பு. மூன்றாவது, திருநள்ளாறு நளதீர்த்தத்தில் விட்டுவிட்டு வரப் பழைய துணி. குளத்தில் விட்ட துணியை அள்ளுகிறவனும் ஒரு மனிதன்தான்.

"சாமி காரியத்துக்குக் கணக்குப் பாக்கலாமா?"

இந்தக் கேள்விதான் எல்லாரையும் வாய் மூட வைக்கிறது. அதனால் பதில் சொல்லிவிடுகிறேன். ராகு காலம் எது, எமகண்டம் எது, எந்த நிமிசத்தில் தாலி கட்ட வேண்டும் என்று நிமிசக் கணக்குப் பார்க்கிற கூட்டம் நாம். நவகிரகம் என்பதே கணக்கு. ஒன்பது கோயிலுக்குப் போகும் வழியில் மட்டும் கணக்குப் பார்க்கக் கூடாது என்று யார் சொன்னது? பக்தி உங்களுடையது. நாள்வாரித் திட்டம் அவர் காசு வாங்கிக்கொண்டு விற்கிற பொருள். உப்பு வாங்கினாலும் எடை பார்க்கிறோம்.

ஏற்பாட்டாளரிடம் ஒரே பக்கத் தாள் கேளுங்கள். ஒவ்வொரு கோயிலுக்கும் எதிரே மூன்று எண்: முந்தின கோயிலிலிருந்து தூரம், போய்ச் சேரும் நேரம், நடை சாத்தும் நேரம். போய்ச் சேரும் நேரம் நடை சாத்தியிருக்கும் நேரத்துக்குள் விழுந்தால் அந்தத் திட்டம் தப்பு, வேறு ஆராய்ச்சி வேண்டாம். அடியில் ஓட்டுநர் எத்தனை பேர், அவர்கள் எங்கே, எப்போது தூங்குவார்கள். அதற்கும் அடியில் நட்சத்திரம் இல்லாத செலவு, பெர்மிட் உட்பட. ஆள் குறைந்தால் என்ன, நின்றுபோனால் பணம் எப்போது திரும்பும். கடைசியில் சமையல் எங்கே நடக்கும்.

முன்பணம் கட்டக் கடைசி நாள் வரும் வெள்ளிக்கிழமை என்று போட்டிருக்கிறார்கள். இந்தக் கேள்விகளை நான் எழுதி ஏற்பாட்டாளர் கையில் கொடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமைக்குள் அந்த ஒரு பக்கம் வந்தால், என் மனைவி பெயரையும் என் பெயரையும் முதலில் எழுதச் சொல்லியிருக்கிறேன். வராவிட்டால் யாரும் கட்டாதீர்கள். கட்டிவிட்டவர்கள் ரசீது கேளுங்கள்.